சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்வது எப்படி: என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு கூட்டம். பதினாலு வருடமாக அதை ஒருங்கிணைக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். புதிதாக யாரிடமாவது "இந்த மாதம் விருந்தினரை நீங்கள் அறிமுகம் செய்யுங்கள்" என்று சொன்னால் அன்று ராத்திரியே போன் வரும், கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

வரவேற்புரைதான் இருக்கே, அப்புறம் அறிமுகவுரைன்னு தனியா எதுக்கு?

வரவேற்புரை மேடையில் இருக்கிற எல்லோருக்கும், வந்திருக்கிறவர்களுக்கும், இடம் கொடுத்தவருக்கும் சேர்த்துச் சொல்வது. அது மரியாதைக் கணக்கு, ஒரு பெயர் விட்டுப்போனாலும் வருத்தம் வரும். அறிமுகவுரை ஒரே ஒருவருக்கானது. அதில் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: இந்தப் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும், இதைப் பேச இவர் ஏன் சரியான ஆள்.

இரண்டையும் ஒருவரே செய்தால் தப்பில்லை. ஆனால் இரண்டையும் குழப்பக் கூடாது. "தலைமை தாங்க வந்திருக்கும்..." என்று ஆரம்பித்து, நடுவில் விருந்தினரின் விருதுப் பட்டியலுக்குப் போய், மறுபடி "முன்னிலை வகிக்கும்..." என்று திரும்பினால் கேட்பவர் மனதில் எதுவும் தங்காது.

அவரே தன்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிக்கலாமே, நடுவுல நாம எதுக்கு?

இதற்கு நன்னூலிலேயே பதில் இருக்கிறது. எட்டு நூறு வருடத்துக்கு முன்னால் பவணந்தி முனிவர் பாயிரத்தைப் பற்றி, அதாவது ஒரு நூலுக்கு முன்னால் வைக்கிற அறிமுகத்தைப் பற்றி, எழுதும்போது என்னதான் புதிதாகக் கண்டுபிடித்துப் பல துறையைக் கரைத்துக் குடித்திருந்தாலும் "தான் தற்புகழ்தல் தகுதி அன்றே" என்கிறார். அதனால் பாயிரத்தை நூலாசிரியன் எழுதுவதில்லை. அவனுடைய ஆசிரியன், கூடப் படித்தவன், மாணவன், உரைகாரன் இவர்களில் ஒருவர் செய்ய வேண்டும். நாலு பேருமே அவனையும் அவன் வேலையையும் அருகிலிருந்து அறிந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். வெறும் பயோடேட்டாவைக் கையில் வாங்கியவன் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த சூத்திரம் இன்னும் சுவாரசியம். சில இடத்தில் புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம் என்று விதிவிலக்கும் கொடுக்கிறார். அதில் ஒன்று, தன் ஆற்றலை உணராதவர்கள் நடுவில் இருக்கும்போது. நம் அறிமுகம் சொதப்பினால் விருந்தினரை அந்த நிலைக்குத்தான் தள்ளுகிறோம். முதல் பத்து நிமிடம் அவர் தன் அனுபவத்தைத் தானே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார் என்றால், அறிமுகத்தில் எது விட்டுப்போனது என்று யோசியுங்கள்.

எவ்வளவு நேரம் பேசணும்?

ஒன்றரை நிமிடம். மிஞ்சினால் இரண்டு. ஒலிபெருக்கியில் நிதானமாகப் பேசினால் நான் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் பேசுகிறேன். ஆக ஒரு நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதிக்கொண்டால் போதும். எழுதிவிட்டு ஒரு முறை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எப்போதுமே குறைவாகத்தான் காட்டும்.

மூன்று நிமிடம் தாண்டினால் முதலில் நெளிபவர் விருந்தினர்தான். புகழ்ச்சிக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது அடையாளம், முடித்துக்கொள்ளுங்கள்.

அவர் பயோடேட்டா அனுப்பிட்டார், நாலு பக்கம். எதை எடுக்கறது எதை விடறது?

முதலில் நாலு பக்கத்தையும் முழுதாகப் படியுங்கள். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இன்றைய தலைப்புக்கும் இந்த வரிக்கும் சம்பந்தம் உண்டா? பிறந்த ஊர், படித்த கல்லூரி, எழுதிய பதினேழு புத்தகம், உறுப்பினராக இருக்கும் ஆறு குழு, போன நாலு நாடு எல்லாமே உண்மைதான், எல்லாமே பெருமைதான், ஆனால் அன்றைய பேச்சுக்கு அதில் இரண்டோ மூன்றோதான் வேலை செய்யும்.

மீதியைத் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்லவில்லை. அழைப்பிதழின் பின்பக்கத்தில் போடுங்கள், வாட்ஸப்பில் முன்கூட்டியே அனுப்புங்கள், வாசலில் ஒரு தாளில் ஒட்டுங்கள். விருந்தினருக்கும் திருப்தி, தன்னுடையது எதையும் இவர்கள் மறைக்கவில்லை என்று. காதால் கேட்கிறபோது ஐந்தாவது புத்தகத் தலைப்புக்கு மேல் யாருக்கும் ஏறாது. கண்ணால் படிக்கிறவன் தனக்கு வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்வான்.

அவர்கிட்ட முன்னாடியே போன் பண்ணிக் கேட்கலாமா? தெரியாமலா கூப்பிட்டீங்கன்னு தப்பா நினைக்க மாட்டாரா?

படிக்காமல் கேட்டால்தான் தப்பாக நினைப்பார். பயோடேட்டாவைப் படித்துவிட்டு, அவருடைய ஒரு கட்டுரையாவது பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பாகக் கூப்பிடுங்கள். முந்தின நாள் வேண்டாம், அவர் பயண அவசரத்தில் இருப்பார். "ஐயா, உங்களை அறிமுகம் பண்றது நான்தான், ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்றால் இதுவரை யாரும் மறுத்ததில்லை. உண்மையில் பாதிப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள், யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று.

நான் கேட்பது நாலு கேள்வி. பேச்சை எங்கிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள்? அறிமுகத்தில் எதைச் சொல்ல வேண்டாம்? உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? இந்த ஊரோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா? நாலாவது கேள்வியில்தான் பொக்கிஷம் கிடைக்கும். பயோடேட்டாவில் இல்லாத விஷயம் வரும் இடம் அதுதான்.

இரண்டாவது கேள்வியை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒருவர் பழைய வேலையை விட்டது சண்டையில் முடிந்திருக்கலாம், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தாலும் மேடையில் கேட்கப் பிடிக்காமல் இருக்கலாம். ஒரு முறை ஒரு விருந்தினர், "அந்தக் கமிட்டிப் பேரை மட்டும் சொல்லாதீங்க தம்பி, நான் போன வாரம் ராஜினாமா பண்ணிட்டேன்" என்றார். அவர் அனுப்பிய பயோடேட்டாவில் அது முதல் வரி.

ஒரு உதாரணம் முழுசா எழுதிக் காட்டுங்களேன்.

ஓய்வு பெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். தலைப்பு "சுவரில் எழுதிய கணக்கு". அறிமுகம் செய்ய வேண்டிய பெண் முதலில் எழுதி வந்தது இப்படி இருந்தது: "பன்முக ஆளுமை, கல்வெட்டுத் துறையின் கலங்கரை விளக்கம், எண்ணற்ற கட்டுரைகளின் ஆசிரியர், பழகுவதற்கு இனியவர், எளிமையின் சிகரம்..." பெயரை மாற்றினால் இதே தாளை வைத்துப் பல் டாக்டரையும் அறிமுகம் செய்யலாம். எழுதியதைச் சோதிக்க இது ஒரு நல்ல வழி. பெயரை எடுத்துவிட்டு வேறு ஒருவர் பெயரைப் போட்டுப் படியுங்கள், பொருந்தினால் கிழித்துவிடுங்கள்.

அப்புறம் அவர் விருந்தினரோடு போனில் பேசினார். நாலாவது கேள்விக்குப் பதில், "உங்க ஊருக்கு எண்பத்தேழுல வந்திருக்கேனே, மூணு நாள் அந்தக் கோயில் சுவர் முன்னாடியே உட்கார்ந்திருந்தேன்." அவ்வளவுதான், அறிமுகம் கிடைத்துவிட்டது. கடைசியில் மேடையில் சொன்னது இது:

"நம் ஊர் சிவன் கோயிலைச் சுற்றாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். தெற்குச் சுவரில், இடுப்பு உயரத்தில், வரிசை வரிசையாக எழுத்து இருக்கும். நான் சின்ன வயதில் அதில் சாய்ந்து நின்றுதான் பிரசாதம் சாப்பிட்டிருக்கிறேன். 1987 இல் ஒருவர் மூன்று நாள் அந்தச் சுவர் முன்னால் உட்கார்ந்து, மேலே பூசியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றிப் படி எடுத்தார். கறுப்புத் தாளில் வெள்ளையாக எழுத்து வந்தது. வந்த எழுத்தில் இருந்தது ஒரு சண்டை. நம் ஏரித் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற சண்டை. யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கும் தெரியாது, கேட்டேன், கூட்டத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடம் கோயில் சுவர்களில் இப்படிப் படி எடுத்தவர், எடுத்ததைப் படித்துப் பதிப்பித்தவர். 'சுவரில் எழுதிய கணக்கு' என்ற தலைப்பில் பேச..."

இந்த இடத்தில் நிறுத்தி, பெயரை முழுதாக, நிதானமாகச் சொல்லி, "அவர்களை அழைக்கிறேன்" என்று முடித்தார். கூட்டிக் கழித்து ஒன்றரை நிமிடம். "மூத்த", "புகழ்பெற்ற", "தலைசிறந்த" ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்று நாள் வெயிலில் சுவர் முன்னால் உட்கார்ந்தவர் என்பதைக் கேட்டதும் சபைக்கு அவர் மேல் மரியாதை தானாக வந்துவிட்டது. பின்வரிசையில் ஒரு பெரியவர், "ஆமாமா, நான் பார்த்திருக்கேன்" என்று சத்தமாகவே சொன்னார். விருந்தினர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

ஆர்வம் வரணும்னா அவர் பேசப்போறதைக் கொஞ்சம் எடுத்து விடலாமா?

கேள்வியைச் சொல்லலாம், பதிலைச் சொல்லக் கூடாது. மேலே உள்ள உதாரணத்தில் சண்டை இருந்தது என்று சொன்னாரே தவிர முடிவைச் சொல்லவில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டு. பல வருடத்துக்கு முன்னால் சோழர் கால ஊராட்சி பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தார். நான் ரொம்பத் தயாரித்துக்கொண்டு போய், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் பராந்தகன், குடவோலை, குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுக்கிற சிறுவன், யார் யார் தேர்தலில் நிற்கக் கூடாது, கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது என்று எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொன்னேன். கைதட்டல் பிரமாதம். அவர் ஒலிபெருக்கி முன்னால் வந்து, கையில் இருந்த குறிப்பில் முதல் இரண்டு தாளை எடுத்து அடியில் வைத்துவிட்டு, "நண்பர் என் வேலையைக் குறைத்துவிட்டார்" என்றார். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் குரலில் இருந்தது எனக்குப் புரிந்தது. பேச்சு எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று முதல் கேள்வியாகக் கேட்பது அன்றிலிருந்துதான்.

"அறிமுகம் தேவையில்லாதவர்"னு ஆரம்பிச்சா மரியாதையா இருக்குமா?

அப்படிச் சொல்லிவிட்டு எட்டு நிமிடம் அறிமுகம் செய்கிறார்கள், அதுதான் வேடிக்கை. தேவையில்லை என்றால் பெயரைச் சொல்லி உட்கார வேண்டியதுதானே.

நிஜமாகவே எல்லோருக்கும் தெரிந்தவராக இருந்தால் தெரிந்ததைத் திரும்பச் சொல்லாதீர்கள். தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கும் அந்த ஐந்து நிமிடப் போன்தான் வழி. இன்னொன்று, "இவர் பேச்சைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்" மாதிரி உத்தரவாதம் எதுவும் கொடுக்காதீர்கள். சபை கையைக் கட்டிக்கொண்டு "எங்கே, சிரிக்க வை பார்ப்போம்" என்று உட்காரும். பாவம் அவர்.

விருது, பட்டம் எல்லாம் எப்படிச் சொல்றது? விட்டா கோபம் வருமே.

சரியாகச் சொல்லுங்கள், குறைவாகச் சொல்லுங்கள். இதில் நடக்கிற தப்புகள் பெரும்பாலும் ஒரே வகை. சாகித்திய அகாதமி என்றால் ஒரே விருது இல்லை. முதன்மை விருது, மொழிபெயர்ப்பு விருது, முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான யுவ புரஸ்கார், குழந்தை இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் என்று தனித்தனி. மொழிபெயர்ப்புக்கு வாங்கியவரை வெறுமனே "சாகித்திய அகாதமி விருதாளர்" என்றால் உயர்த்தியதாக நமக்குத் தோன்றும். அவருக்குச் சங்கடம், விவரம் தெரிந்த நாலு பேர் முன்வரிசையில் இருந்தால் இன்னும் சங்கடம். எந்த வேலைக்காக வாங்கினார் என்று சேர்த்துச் சொன்னால் பிரச்சினையே இல்லை.

பத்ம விருதுகளை "பத்மஸ்ரீ இன்னார்" என்று பெயருக்கு முன்னால் ஒட்டுவது எல்லா மேடையிலும் நடக்கிறது, ஆனால் அது சரியில்லை. அரசியலமைப்பின் 18 ஆவது பிரிவு படைத்துறை, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகள் பட்டம் ஆகாது, அதனால் அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று தனி வாக்கியமாகச் சொல்லுங்கள், அது விருதைக் குறிப்பிடுவதுதான். முனைவர் என்பது படித்து வாங்கியது, தாராளமாக முன்னால் வரலாம். மதிப்புறு முனைவர் பட்டமாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், சிலருக்கு அதைச் சொல்வதே பிடிக்காது.

பேரைச் சொல்றதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?

நிறைய இருக்கிறது. அழைப்பிதழில் "இரா." என்று போட்டு பேனரில் "ஆர்." என்று போட்டு, அறிமுகம் செய்கிறவர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். தலைப்பெழுத்தைத் தமிழில் சொல்வதா ஆங்கிலத்தில் சொல்வதா என்பது அவரவர் பிடிவாதம், அதில் நமக்கு உரிமை இல்லை. புனைபெயரில் எழுதுகிறவருடைய இயற்பெயரை "உண்மைப் பெயர் இதுதான்" என்று கண்டுபிடித்த மாதிரி அறிவிக்க வேண்டாம். ளகர, ழகர வித்தியாசம் உங்கள் வாயில் வராது என்றால் வீட்டில் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். பேச்சில் வேறெங்கே தடுக்கினாலும் மன்னிப்பார்கள், பெயரில் தடுக்கினால் மனதில் நிற்கும்.

ஐயா, அம்மா, தோழர், பேராசிரியர் என்று எப்படி அழைப்பது என்பதையும் அவர் பழக்கத்தை வைத்துத் தீர்மானியுங்கள். தோழர் என்றே பழகியவரை "உயர்திரு ஐயா அவர்கள்" என்றால் அவருக்கு அந்நியமாக இருக்கும். பெயரைக் கடைசியில் சொல்வது என் வழக்கம், அது கைதட்டலுக்கான சைகையும்கூட. ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லிவிட்டால் கைதட்டல் அங்கேயே வந்து தீர்ந்துவிடும்.

பெண் பேச்சாளரை அறிமுகம் செய்யும்போது ஏதாவது தனியா கவனிக்கணுமா?

தனியாக எதுவும் செய்யாமல் இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆண் விருந்தினருக்கு "இவ்வளவு வேலைக்கு நடுவிலும் குடும்பத்தைக் கவனித்துக்கொள்பவர்" என்று யாரும் சொல்வதில்லை, இன்னாரின் கணவர் என்றும் சொல்வதில்லை. மண் பரிசோதனை பற்றிப் பேச வந்த ஒரு அம்மாவை இப்படித்தான் "இரண்டு பிள்ளைகளையும் டாக்டராக்கிய தாய்" என்று ஒருவர் அறிமுகம் செய்தார். அவர் மேடையில் எழுந்து முதல் வாக்கியமாக, "என் பிள்ளைகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன், இன்றைக்கு மண்ணைப் பற்றி" என்றார். அரங்கம் அதிர்ந்தது. அறிமுகம் செய்தவர் அதற்கப்புறம் டீ குடிக்கக்கூட வரவில்லை.

பொன்னாடை எப்ப போடறது? அறிமுகம் முடிஞ்ச உடனே போடலாமா?

கூடாது என்றே சொல்வேன். நீங்கள் பாடுபட்டு ஒன்றரை நிமிடத்தில் ஒரு ஆர்வத்தைக் கிளப்பி வைக்கிறீர்கள். அடுத்து பொன்னாடை, அதை யார் போர்த்துவது, அவர் எங்கே, போட்டோக்காரர் "சார் இந்தப் பக்கம்" என்பது, புத்தகம், நினைவுப் பரிசு, செயலாளரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று அஞ்சு நிமிடம் போகும். ஏரித் தண்ணீர்ச் சண்டை எல்லோருக்கும் மறந்துவிடும். மரியாதை செய்வதை வரவேற்புரையோடு முடித்துவிடுங்கள், அல்லது பேச்சு முடிந்தபின் வையுங்கள். அறிமுகத்தின் கடைசிச் சொல்லுக்கும் விருந்தினரின் முதல் சொல்லுக்கும் நடுவில் கைதட்டலைத் தவிர வேறொன்றும் வரக் கூடாது. நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும்போதே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தாளைப் பார்த்துப் படிக்கலாமா?

பார்த்துப் படிக்கலாம், தப்பில்லை. மனப்பாடம் செய்து நடுவில் மறந்து மேலே விட்டத்தைப் பார்ப்பதைவிட அது மேல். ஆனால் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தாள் இல்லாமல் வர வேண்டும். போனில் வைத்துப் படிக்காதீர்கள், சரியாக அந்த நேரத்தில் யாராவது கூப்பிடுவார்கள்.

சபையைப் பார்த்துப் பேசுங்கள், விருந்தினரைப் பார்த்து அல்ல. மரியாதைக்காக அவர் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசினால் வாய் ஒலிபெருக்கியை விட்டு விலகி, சரியாக அவரைப் பற்றிய வரிகள்தான் பின்வரிசைக்குக் கேட்காது. பெயரைச் சொன்ன பிறகு மட்டும் திரும்புங்கள். அப்புறம் உடனே ஓடிவிடாதீர்கள், அவர் வந்து சேரும்வரை அங்கேயே நின்று, ஒலிபெருக்கி உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

எனக்கு முன்னாடி பேசின தலைவர் நான் வச்சிருந்ததையெல்லாம் சொல்லிட்டார். என்ன பண்றது?

இது நடக்கும், அடிக்கடி நடக்கும். தலைமையுரை என்ற பெயரில் விருந்தினரின் பயோடேட்டா முழுதும் போய்விடும். ஆனால் தலைவர் சொன்னது அச்சில் இருந்தது. போனில் கிடைத்த விஷயம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. "தலைவர் சொன்னதோடு ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்" என்று அதை மட்டும் சொல்லி, தலைப்பையும் பெயரையும் சொல்லிவிட்டு உட்காருங்கள். நாற்பது நொடி போதும். போன் செய்யாதவருக்குத்தான் அந்த நேரத்தில் கையில் எதுவும் இருக்காது.

அவர் எனக்குப் பதினைஞ்சு வருஷப் பழக்கம். அதைச் சொல்லலாமா?

ஒரு வாக்கியம் சொல்லலாம், அதுவும் அவரைப் பற்றி ஏதாவது தெரிய வருவதாக இருந்தால். "அண்ணன் என் கல்யாணத்துக்கு வந்து ரெண்டு நாள் இருந்தார்" என்பதில் சபைக்கு என்ன இருக்கிறது? எழுதியதை எடுத்து "நான்", "எனக்கு", "என்" எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேலே உள்ள உதாரணத்திலும் சில வருகின்றன, ஆனால் அவை சபையில் ஒருத்தியாக நின்று சொன்னவை.

அவர் கருத்து எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. நான் எப்படி அறிமுகம் செய்யறது?

அவர் செய்ததைச் சொல்லுங்கள், அதைப் பற்றிய உங்கள் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். எத்தனை வருடம், எந்த வேலை, இன்று எந்தக் கேள்வியை எடுக்கப் போகிறார் என்பதற்கெல்லாம் உடன்பட வேண்டிய அவசியம் இல்லை. "சர்ச்சைக்குரியவர்" என்ற சொல் வேண்டாம், அது கேட்க நடுநிலை மாதிரி இருக்கும், ஆனால் முதுகில் ஒரு குத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கேள்வி நேரத்தில் சபையோடு உட்கார்ந்து கேளுங்கள். அந்த அளவுக்குக்கூட மனம் ஒப்பவில்லை என்றால் முன்பே சொல்லிவிட்டு வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

தப்பா ஒரு தகவல் சொல்லிட்டேன், அவர் மேடையிலேயே திருத்தினார். இப்ப வரைக்கும் மனசு கேக்கல.

அவர் திருத்தியபோது என்ன செய்தீர்கள்? உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு "மன்னிக்கணும்" என்று தலையசைத்திருந்தால் அதோடு முடிந்தது. மறுபடி எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்து விளக்கம் சொல்வதுதான் இரண்டாவது தப்பு. கூட்டம் முடிந்தபின் ஒரு வார்த்தை நேரில் சொல்லுங்கள், பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பவரிடம் சரியான தகவலைக் கொடுங்கள், தப்பு அச்சில் ஏறிவிடக் கூடாது.

கடைசி நேரத்துல அவர் வரல, வேற ஒருத்தர் வந்துட்டார். கையில ஒண்ணுமே இல்ல.

வாசலில் இருந்து மேடைக்கு நடந்து வருகிற நேரத்தில் அந்த நாலு கேள்வியில் முதலாவதையும் மூன்றாவதையும் கேட்டுவிடுங்கள்: எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள், பெயரை எப்படிச் சொல்ல வேண்டும். வராதவரைப் பற்றி ஒரே வாக்கியம், ஏன் வரவில்லை என்பது மட்டும். அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தால் வந்தவர் உபரி ஆள் மாதிரி ஆகிவிடுவார். "அவருக்குப் பதிலாக" என்பதற்குப் பதில் "இன்று காலை கேட்டோம், மாலைக்குள் வந்துவிட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். போன வருடம் மழையில் பஸ் நின்றுபோய் இப்படித்தான் ஆனது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். அறிமுகம் செய்த பையன் அவருடைய ஈரச் சட்டையைக் காட்டி, "நம்மிடம் பேசுவதற்காக இவர் பதினொரு கிலோமீட்டர் மழையில் வந்திருக்கிறார்" என்று சொல்லிப் பெயரைச் சொன்னான். யாரோ ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், தலையைத் துவட்டிக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தார்.